மீட்டர் ஒன்று சொல்ல, ஓவன் வேறொன்று சொன்னால்: நெல் ஈரப்பத மீட்டரை அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் முறை

காவிரி டெல்டாவில் குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. கொள்முதல் விதிமுறையில் நெல்லுக்கான உச்ச ஈரப்பதம் 17 விழுக்காடு. மழை மிகுந்த ஆண்டுகளில் தளர்வு அறிவிக்கப்படுவதும் உண்டு. ஆனால் அந்த எண்ணைப் படிக்கிற கருவியே ஒரு விழுக்காடு தவறினால், காய்ந்த நெல் மறுபடி களத்துக்குத் திரும்புகிறது, அல்லது ஈரநெல் சாக்கிலேயே சூடேறிப் பழுப்பாகிறது. ஆகவே உழவர் குழுக்களின் கிடங்கிலோ ஆலையிலோ விதை நிலையத்திலோ மீட்டரைக் கையாள்பவர், அது எப்போது தவறுகிறது, ஏன் தவறுகிறது என்பதைத் தம் கையாலேயே கண்டறியத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே எடுத்துக்கொள்வது நம் பகுதியில் பரவலாகப் புழங்கும் மின்தேக்கு வகை மீட்டரை, அதாவது கிண்ணத்தில் தானியத்தைக் கொட்டினால் திரையில் விழுக்காட்டைக் காட்டுகிற கருவியை. அது நீரை நேரடியாக அளப்பதில்லை. கிண்ணத்தின் சுவர்களுக்கு இடையே உள்ள மின்தேக்குத் திறன் தானியம் நிரம்பியதும் எவ்வளவு மாறுகிறது என்பதை அளந்து, தன்னுள் பதிந்திருக்கும் ஒரு வளைவின் வழியே அதை ஈரப்பதமாக மாற்றிக் காட்டுகிறது. ஓவன் முறையோ நீரை வெளியேற்றி, குறைந்த எடையை நேரே நிறுக்கிறது. எனவே இரண்டும் மாறுபடும்போது ஓவனே தீர்ப்பளிக்கும். ஆனால் ஓவன் ஒழுங்காக நடத்தப்பட்டிருந்தால்தான் அந்தத் தீர்ப்புக்கு மதிப்பு.

அறிகுறி: ஒரே நெல்லை மூன்று முறை கொட்டினால் மூன்று எண்கள் வருகின்றன

இதை முதலில் தீர்க்காமல் வேறு எதையும் தொடக் கூடாது. ஒரே பையிலிருந்து எடுத்த நெல் 16.4, 17.3, 16.8 என்று ஆடிக்கொண்டிருந்தால், அங்கே கோளாறு வளைவில் இல்லை; கிண்ணம் நிரம்பும் விதத்தில் இருக்கிறது. கிண்ணத்தின் கொள்ளளவு மாறாதது. அதற்குள் எத்தனை கிராம் நெல் அடங்குகிறது என்பதோ கொட்டும் உயரத்தையும் வேகத்தையும் பொறுத்து மாறும். கையால் அள்ளிப் போட்டால் ஒரு அளவு, புனல் வழியே ஒரே சீராக விழுந்தால் இன்னொரு அளவு, நிரப்பிய பின் மேசையில் தட்டினால் வேறொரு அளவு. நெல் கூடுதலாக அடைந்தால் மீட்டர் அதைக் கூடுதல் ஈரமாகவே எண்ணிக்கொள்ளும்.

மீட்டரைச் சமமான பலகையில் வையுங்கள். அதனுடன் வந்த புனலையோ நிரப்புக் குவளையையோ தவறாமல் பயன்படுத்துங்கள். தட்டவும் அழுத்தவும் வேண்டாம். மிகுதியை ஒரு முறை மட்டும் வழித்துவிடுங்கள். நெல்லைத் தூற்றிப் பதரையும் கருக்காயையும் வைக்கோல் துணுக்கையும் நீக்கிய பிறகே அளக்க வேண்டும். ஒரு கைப்பிடிப் பதர் இருந்தால்கூடக் கிண்ணத்தில் காற்றிடம் கூடி எண் கீழிறங்கும். கிண்ணத்தின் அடியிலும் சுவரிலும் ஒட்டியிருக்கும் தவிட்டுத் தூசியைத் தூரிகையால் துடையுங்கள். மின்கலம் தளர்ந்திருந்தாலும் எண் ஆடும் என்பதால் புதிய மின்கலத்தோடு தொடங்குவது நல்லது. இத்தனையும் செய்த பின் மூன்று கொட்டல்களும் 0.3 விழுக்காட்டுக்குள் அடங்கினால், அவற்றின் சராசரியை அந்த மீட்டரின் சொல்லாக ஏற்கலாம். அடங்காத மீட்டரை ஓவனோடு ஒப்பிடுவது வீண் வேலை.

அறிகுறி: ஓவனில் வைத்த இரட்டை மாதிரிகளே ஒத்துப்போகவில்லை

மீட்டரைக் குறை சொல்லுமுன் ஓவனை விசாரிக்க வேண்டிய இடம் இது. தானியங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 712 முறை, அரைத்த மாதிரி சுமார் 5 கிராம் எடுத்து 130 முதல் 133 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இரண்டு மணி நேரம் வைக்கச் சொல்கிறது. ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு கிண்ணங்களில் வைத்து, இரண்டு விடைகளுக்கும் இடையிலான வேறுபாடு 0.2 விழுக்காட்டைத் தாண்டினால், அந்த ஓட்டத்தையே தள்ளிவிட்டு மறுபடி செய்ய வேண்டும்.

இந்த அளவு நெருக்கத்தை எட்டுவதில் முதல் தடை தராசு. 5 கிராமில் 0.1 கிராம் தவறினால் ஈரப்பதம் 2 விழுக்காடு தவறிவிடும், 0.01 கிராம் தவறினால் 0.2 விழுக்காடு. எனவே 0.001 கிராம் வரை காட்டும் தராசு இல்லாத இடத்தில் இந்தச் சோதனையைத் தொடங்காமல், மாதிரிகளைக் காற்றுப்புகாமல் கட்டி, அத்தகைய தராசு உள்ள ஆய்வகத்துக்குக் கொடுத்துவிடுவதே நேர்மையான வழி என்பது என் கருத்து.

இரண்டாவது தடை, ஆறவைக்கும் நேரம். ஓவனிலிருந்து எடுத்த மாவு எலும்பைப்போல் காய்ந்திருக்கும். ஐப்பசி மாத டெல்டாக் காற்றில் அதைத் திறந்தபடி வைத்தால் சில நிமிடங்களிலேயே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்போது எடைக்குறைவு சிறிதாகத் தெரிவதால் ஓவன் விடை உண்மையைவிடக் குறைந்துவிடும். கிண்ணத்தை ஓவனுக்குள்ளேயே மூடி, உடனே சிலிக்கா ஜெல் இட்ட உலர்கலனில் வைத்து, அறை வெப்பத்துக்கு வந்ததும் நிறுக்க வேண்டும். சூடாகவே நிறுத்தால் தராசுத் தட்டின் மேல் எழும் வெப்பக் காற்று எடையைக் குறைத்துக் காட்டும். நீல நிறச் சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாகியிருந்தால் அது உலர்கலனாக வேலை செய்யவில்லை. வறுத்து மீண்டும் நீலமாக்கிய பின்பே தொடர வேண்டும்.

ஓவனின் முகப்பு 130 என்று காட்டினாலும் தட்டின் மேல் 124 இருக்கலாம். தனி வெப்பமானி ஒன்றைக் கிண்ணங்கள் இருக்கும் உயரத்தில் வைத்துப் பாருங்கள். கதவைத் திறந்ததும் வெப்பம் இறங்கும் என்பதால், மீண்டும் 130-ஐத் தொட்ட நொடியிலிருந்தே இரண்டு மணி நேரத்தை எண்ணத் தொடங்குங்கள். இடையில் புதிய ஈர மாதிரியை உள்ளே வைத்தால் அதன் நீராவி, காய்ந்துகொண்டிருக்கும் மாவில் படியும். எடுக்கும்போது மாவு பழுப்பாகி வறுத்த வாசம் அடித்தால், நீரோடு சேர்ந்து மாவுப் பொருளும் சிதைந்து வெளியேறத் தொடங்கிவிட்டது என்று பொருள்; அந்த விடை உண்மையைவிட உயர்ந்திருக்கும்.

முழு நெல்லை அப்படியே இரண்டு மணி நேரம் வைத்து எடுப்பது பரவலாகக் காணும் குறுக்குவழி. உமிக்கு உள்ளேயும் அரிசியின் நடுவிலும் உள்ள நீர் அவ்வளவு விரைவில் வெளியேறாது. ஆகவே ஓவன் குறைவாகக் காட்ட, சரியாக இருக்கும் மீட்டர்மீது பழி விழும். நெல்லை அரைத்தே ஆக வேண்டும். ஆனால் 15 விழுக்காட்டுக்கு மேல் ஈரமுள்ள நெல்லை நேரே அரைத்தால் ஆலைக் கல் சூடேறி, அரைக்கும்போதே நீர் ஆவியாகிவிடும். மாவு கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். இதற்குத்தான் இரு கட்ட முறை. முதலில் முழு நெல்லை எடை போட்டு, மிதமான சூட்டில் ஓரளவு உலர்த்தி, அறைக்காற்றில் ஆறவைத்து மறுபடி எடை போட்டு, அதன் பிறகு அரைத்து ஓவனில் வைக்க வேண்டும். முதல் கட்ட இழப்பு M1 விழுக்காடு, இரண்டாம் கட்ட இழப்பு M2 விழுக்காடு எனில்:

```
M = M1 + M2 - (M1 * M2 / 100)
```

ஓர் உண்மையான கணக்கோடு பார்க்கலாம். 100.0 கிராம் நெல் முதல் கட்டத்தில் 93.2 கிராம் ஆனது. M1 என்பது 6.8. அரைத்த மாவும் மூடியுடன் கூடிய கிண்ணமும் சேர்ந்து 26.402 கிராம், அதில் மாவு மட்டும் 5.056 கிராம். ஓவனுக்குப் பின் மொத்தம் 25.789 கிராம். இழப்பு 0.613 கிராம், அதை 5.056-ஆல் வகுத்தால் M2 என்பது 12.12. இரண்டையும் வெறுமனே கூட்டினால் 18.9 வரும், அது தவறு. வாய்பாட்டின்படி பெருக்கலைக் கழித்தால் 18.1 வரும். நேர்க்கூட்டலில் நேரும் இந்த 0.8 விழுக்காட்டுப் பிழையை மீட்டரின் பிழையாக எழுதிவைத்த பதிவேடுகள் உண்டு.

அறிகுறி: ஓவன் எப்போதும் மூன்று, நான்கு விழுக்காடு கூடவே காட்டுகிறது

வகுத்த எண்ணைப் பாருங்கள். இழந்த நீரை முதலில் இருந்த ஈர எடையால் வகுக்க வேண்டும். வணிகத்திலும் கொள்முதலிலும் புழங்குவது அந்த அளவுதான். காய்ந்த எடையால் வகுத்தால், 17 விழுக்காடு நெல் 20.5 என்று வந்து நிற்கும். உலர்த்தி ஆய்வுகளில் காய்ந்த எடைக் கணக்கு வழக்கமானது என்பதால், ஆய்வகத்திலிருந்து வரும் தாளில் எந்த அடிப்படை என்று கேட்டுக்கொண்டு ஒப்பிடுங்கள்.

அறிகுறி: காய்ந்த நெல்லில் பொருந்துகிறது, ஈரநெல்லில் தவறுகிறது

மீட்டரைச் சரிபார்ப்பவர் பலர் ஒரே ஒரு மாதிரியை ஓவனோடு ஒப்பிட்டு நின்றுவிடுகிறார்கள். அந்த ஒரு மாதிரி எந்த ஈரப்பதத்தில் இருந்ததோ அந்த இடத்தில் மட்டுமே மீட்டரைப் பற்றி ஏதோ ஒன்று தெரிகிறது. மற்ற இடங்களைப் பற்றி எதுவும் தெரிவதில்லை. குறைந்தது ஐந்து ஈரப்பத நிலைகள் வேண்டும். அவற்றில் இரண்டேனும் 17-ஐச் சுற்றி இருக்க வேண்டும், ஏனெனில் விலை முடிவாவது அங்கேதான்.

இந்த ஐந்து நிலைகளை உருவாக்கும் வழியும் முக்கியம். காய்ந்த நெல்லில் நீர் தெளித்து ஈரமாக்கினால் நீர் உமியிலும் மேற்பரப்பிலும் தங்கி, வயலில் இயற்கையாக ஈரமாக இருக்கும் நெல்லைப்போல் நடந்துகொள்ளாது. அதனால் அறுவடை நாளன்று ஒரே வயலின் நெல்லை வேண்டிய அளவு எடுத்து, நிழலில் மெல்லப் பரப்பி, ஈரம் இறங்க இறங்க ஒவ்வொரு நிலையிலும் ஒரு கிலோ அளவு தனியே எடுத்துத் தடித்த பாலித்தீன் பையில் காற்றுப்புகாமல் கட்ட வேண்டும். ஓர் இரவு முழுவதும் அறைக்குள் வைத்தால் நெல்மணிக்குள் நீர் சமமாகப் பரவும். மறுநாள் பையின் உட்புறத்தில் நீர்த்துளி படிந்திருந்தால், திறப்பதற்கு முன் நன்றாகக் குலுக்கி அதை நெல்லோடு சேர்த்துவிடுங்கள். மீட்டருக்கான பங்கையும் ஓவனுக்கான பங்கையும் அதே பையிலிருந்து, அடுத்தடுத்து, தாமதமின்றி எடுக்க வேண்டும். காலையில் மீட்டர், மாலையில் ஓவன் என்று பிரித்தால் ஒப்பிடுவது இரண்டு வெவ்வேறு நெல்லை.

மன்னார்குடிப் பக்கத்துக் கிடங்கு ஒன்றில் குறுவை ஆடுதுறை 43 நெல்லை இப்படிச் சோதித்ததாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மீட்டர் எண்ணும் மூன்று கொட்டல்களின் சராசரி. ஒவ்வொரு ஓவன் எண்ணும் இரட்டைக் கிண்ணங்களின் சராசரி.

| ஓவன் | மீட்டர் | ஓவன் கழித்தல் மீட்டர் |
|---|---|---|
| 12.1 | 12.3 | −0.2 |
| 14.0 | 13.9 | +0.1 |
| 16.2 | 15.7 | +0.5 |
| 18.1 | 17.1 | +1.0 |
| 20.4 | 18.9 | +1.5 |

கடைசி நிரலை மேலிருந்து கீழாகப் படியுங்கள். 12-இல் மீட்டர் சற்றே கூட்டிச் சொல்கிறது, 14-இல் ஏறக்குறைய சரி, அதன்பின் ஈரம் ஏற ஏறப் பின்தங்குகிறது. 13 விழுக்காட்டுக்குக் காயவைக்கும் விதைநெல்லை மட்டும் அளப்பவர் இந்த மீட்டரை அருமையான கருவி என்பார். கொள்முதலுக்கு நெல் கொண்டுவருபவருக்கோ, திரையில் 17.0 என்று தெரியும் நெல்லின் உண்மை ஈரப்பதம் ஏறக்குறைய 18.0, உண்மையில் 17.0 உள்ள நெல்லுக்கு இந்தத் திரை காட்டுவது 16.3.

இங்கேதான் மீட்டரின் பட்டியலில் உள்ள திருத்த எண்ணைத் தொடும் ஆசை வரும். அந்தத் திருத்தம் எல்லா அளவுகளோடும் ஒரே எண்ணைக் கூட்டுவது. ஐந்து வேறுபாடுகளின் சராசரி சுமார் 0.6, அதைச் சேர்த்தால் 12.3 என்று காட்டிய நெல் 12.9 ஆகி உண்மையைவிட 0.8 மிஞ்சுகிறது, 18.9 காட்டிய நெல் 19.5 ஆகி இன்னும் 0.9 பற்றாக்குறையில் நிற்கிறது. நடுவில் மட்டும் அழகாகப் பொருந்தும். ஆக, இந்த அறிகுறிக்குத் தேவை சரிவு மாறிய புதிய வளைவு. மீட்டரில் பயனர் வளைவைப் பதிய இடமிருந்தால் ஐந்து இணைகளையும் உள்ளிடுங்கள். இல்லையென்றால், மீட்டர் எண்ணை ஒரு பக்கமும் உண்மை எண்ணை மறுபக்கமுமாக ஒரு திருத்த அட்டை எழுதி, கருவியின் மீதே ஒட்டுங்கள். தயாரிப்பாளர் பதித்த வளைவை அழிக்காமல் விட்டுவைப்பது பாதுகாப்பு. திரும்பிப் போக ஓர் இடம் இருக்கும்.

மீட்டர் ஏன் ஈரப்பக்கத்தில் பின்தங்குகிறது? நீரின் மின்காப்பு மாறிலி சுமார் 80. காய்ந்த தானியப் பொருளுடையதோ 2 முதல் 5 வரை. இந்தப் பெரிய இடைவெளிதான் மீட்டரை இயங்கவைக்கிறது. ஆனால் நெல்லில் முதலில் சேரும் நீர் மாவுச்சத்தையும் புரதத்தையும் இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால், திறந்த நீரைப்போல் மின்புலத்துக்கு ஏற்பச் சுழல முடியாது; பிறகு சேரும் நீரே மிகுந்த எதிர்வினை தருகிறது. எனவே உறவு நேர்கோடாக அமைவதில்லை. இதோடு இன்னொன்றும் நடக்கிறது: ஈரம் மாறும்போது நெல் கிண்ணத்துக்குள் அடையும் விதமும் மாறுகிறது, அதே கொள்ளளவில் அடங்கும் நெல்லின் கிராமும் மாறுகிறது, அதற்கேற்ப எண்ணும் நகர்கிறது. தயாரிப்பாளர் வளைவு வரைய எடுத்த நெல்லும் நம் குறுவை நெல்லும் இந்த இரண்டிலும் ஒரே அளவாக நடந்துகொள்ளாதபோது சரிவு மாறிவிடுகிறது.

அறிகுறி: நண்பகலில் ஒரு எண், அந்திசாய்ந்தபின் வேறொரு எண்

"ரெண்டு நாள் வெயில்ல காஞ்ச நெல்லுங்க, இப்ப இருபது காட்டுதே" என்று களத்தில் கேட்கும் குரலுக்குப் பின்னால் பெரும்பாலும் வெப்பம் இருக்கும். வெயிலில் பரப்பிய நெல் 45 டிகிரியில் இருக்க, நிழலில் இருந்த மீட்டரின் கிண்ணம் 30 டிகிரியில் இருந்தால், மீட்டரின் வெப்பத் திருத்தம் தன் உணரி படிக்கும் வெப்பத்தைத்தான் நம்பும். சூடான தானியம் மின்வகை மீட்டரில் உண்மையைவிட ஈரமாகத் தெரியும். தோராயமாக ஒரு டிகிரிக்கு 0.1 விழுக்காடு என்று கொள்ளலாம். ஆகவே 15 டிகிரி இடைவெளி ஒன்றரை விழுக்காட்டையே புரட்டிவிடும். உங்கள் மீட்டருக்கு இது எவ்வளவு என்று அறிய, களத்திலிருந்து எடுத்த சூட்டோடே ஒரு முறை அளந்து, மிச்சத்தைப் பையில் இறுகக் கட்டி, மீட்டரின் அருகிலேயே ஆறவைத்து, குலுக்கி மறுபடி அளந்து பாருங்கள்.

இந்தச் சோதனையில் ஆறிய பின் எண் குறையாமல் மாறாக ஏறினால், காரணம் வேறு. விரைந்து காய்ந்த நெல்லின் மேற்புறம் உலர்ந்து நடு இன்னும் ஈரமாக இருக்கிறது; பையில் ஓர் இரவு இருக்கும்போது உள்நீர் வெளிப்புறத்துக்கு வந்து பரவுகிறது. மின்தடையை அளக்கும் பழைய வகைக் கருவிகளிலும், மேற்பரப்பைத் தொட்டு அளக்கும் கருவிகளிலும் இந்த விளைவு மிகப் பெரியது; மின்தேக்கு மீட்டரில் குறைவு என்றாலும் இல்லாமல் போவதில்லை. அறுத்து அடுக்கிய நெல்லில் இரவில் தூறல் விழுந்தால் இதற்கு நேர்மாறாக, மேற்பரப்பு நீர் எண்ணை உயர்த்திக்காட்டும். இந்த இரண்டு நிலையிலும் ஓவனும் மீட்டரும் மாறுபட்டால் வளைவைத் தொடாதீர்கள். நெல் சமநிலைக்கு வந்த பின் அளந்ததையே கணக்கில் எடுங்கள்.

அறிகுறி: நெல்லுக்குச் சரியாக இருக்கிறது, வேறு தானியத்துக்கு மாறினால் தவறுகிறது

சம்பா, தாளடி அறுவடைக்கு முன் ஈர வயலில் தெளித்த உளுந்தும் பச்சைப்பயறும் பங்குனி, சித்திரையில் கிடங்குக்கு வரும். அதே மீட்டர், அதே கை. பட்டியலில் நெல் தெரிவு மாற்றப்படாமல் இருக்கும். ஒரு லிட்டர் நெல் 550 முதல் 600 கிராம் வரை நிற்கும். உமிக்கும் அரிசிக்கும் நடுவிலும், மணிகளின் கூர்முனைகளுக்கு நடுவிலும் காற்று நிறைய. உருண்டு திரண்ட உளுந்தோ ஒரு லிட்டரில் 800 கிராம் அளவுக்கு அடையும். எனவே ஒரு துளி நீர்கூடக் கூடுதலாக இல்லாமலேயே, கிண்ணத்துக்குள் பொருள் மிகுந்திருப்பதால் மீட்டர் எண் ஏறும். அதோடு உளுந்தில் புரதம் மிகுதி, உமி இல்லை, விதையுறை கெட்டி; நீர் பற்றியிருக்கும் விதமும் வேறு. எடையையும் அளந்து அடர்த்தியைச் சரிக்கட்டும் மீட்டர்கள் முதல் காரணத்தைப் பெருமளவு நீக்கும். இரண்டாவதை அவற்றால் நீக்க முடியாது.

எடுத்துக்காட்டாக, ஓவனில் 9.3, 11.4, 13.6 வந்த உளுந்து, நெல் தெரிவில் 13.8, 15.4, 17.2 என்று காட்டினால், வேறுபாடு 4.5-இல் தொடங்கி 3.6-இல் முடிகிறது. ஒரே எண்ணைக் கழித்துச் சமாளிக்க முடியாது என்பது இங்கும் தெரிகிறது. 12 விழுக்காடு என்ற கொள்முதல் வரம்பு, தவறான இந்தத் தெரிவில் 15.9 என்ற எண்ணாக நிற்கும். அதைப் பார்த்த விவசாயி, தேவையில்லாமல் உளுந்தை மேலும் வெயிலில் போட்டுத் தோல் வெடிக்கவிடுவார். உளுந்துத் தெரிவு உள்ள மீட்டராக இருந்தால் அதையும் மூன்று நான்கு நிலைகளில் ஓவனோடு சரிபாருங்கள். பயறு வகைக்கு விதைச் சோதனையில் புழங்கும் குறைந்த வெப்ப முறை பொருத்தமானது: ஒன்றிரண்டாக உடைத்த பயறு, 103 டிகிரி, 17 மணி நேரம். மாலையில் வைத்து மறுநாள் காலையில் எடுக்கலாம்.

புழுங்கல் நெல்லை நெல் தெரிவிலேயே அளப்பது ஆலைகளில் வழக்கமாக இருக்கிறது. வெளிப்பார்வைக்கு அது நெல்தான். ஆனால் அவித்தபோது மாவுச்சத்து கூழாகி மீண்டும் இறுகிவிட்டது, அரிசி கண்ணாடிபோல் கெட்டியாகிவிட்டது, பல மணிகளில் உமி வாய் பிளந்திருக்கிறது. நீரைப் பிடித்துவைக்கும் முறையும் கிண்ணத்தில் அடையும் முறையும் மாறிவிட்டதால், பச்சை நெல்லின் வளைவு இதற்குச் செல்லாது. புழுங்கல் நெல்லுக்கெனத் தனி அட்டை எழுதியே ஆக வேண்டும் என்று ஆலைக்காரர்களிடம் வலியுறுத்துவேன். களத்தில் ஓரிரு விழுக்காடு தவறினாலும் அரவையில் குருணை கூடிவிடும்.

ரகங்களுக்கிடையே இவ்வளவு தூரம் இருக்காது. ஆனாலும் குட்டையான தடித்த மணியுள்ள சி.ஆர். 1009-ம், நடுத்தரச் சன்னமான ஆடுதுறை 43-ம் கிண்ணத்தில் ஒரே மாதிரி அடைவதில்லை. ஒவ்வொரு ரகத்துக்கும் ஐந்து நிலைகளை உருவாக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 13, 16, 18 அளவில் மூன்று மாதிரிகள் போதும். இருக்கும் அட்டைப்படி திருத்திய எண் ஓவனிலிருந்து 0.3-க்குள் நின்றால் அதே அட்டையைத் தொடருங்கள். மூன்றும் ஒரே திசையில் அதற்கு மேல் விலகினால் மட்டும் அந்த ரகத்துக்குப் புதிய அட்டை எழுதுங்கள். ரகங்கள் கலந்த மூட்டைக்கு எந்த அட்டையும் முழுதாகப் பொருந்தாது. அதை ஓவனுக்கே அனுப்ப வேண்டும்.

அட்டையில் தானியம், ரகம், பச்சையா புழுங்கலா, சோதித்த மாதம், சோதித்த மிகக் குறைந்த, மிக உயர்ந்த ஓவன் எண்கள் ஆகியவற்றை எழுதிவையுங்கள். மேலே கண்ட அட்டை 12.1 முதல் 20.4 வரை மட்டுமே சோதிக்கப்பட்டது. மழைக்கு முன் அவசரமாக அறுவடை இயந்திரத்தில் அறுத்த நெல் 24 விழுக்காட்டில் வந்து சேரும்போது, அந்த அட்டையின் கடைசிச் சரிவை அப்படியே நீட்டி எண் சொல்லக் கூடாது. அந்த நெல்லுக்கு மீட்டர் சொல்லக்கூடியது "20-க்கு மேல்" என்பது மட்டுமே.